கை மட்டும் தெரிகிற படம்

கேமராவை நான் நம்பியதே இல்லை. கல்யாணப் பந்தியில் அந்த லைட் வெளிச்சம் என் பக்கம் திரும்பினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்டவளிடம் வந்து, "கைய மட்டும் எடுக்கலாம்டி, மொகமே வராது" என்று எங்கள் பீங்கான் பட்டறையில் கூட வேலை பார்த்த அக்கா சொன்னால் எப்படி நம்புவது? இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது.

"எத்தினி பொண்ணுங்க கூச்சப்பட்டுக்கினு கைத்தொழில ஒளிச்சு வச்சிருக்காங்க. மொகம் காட்டாம எடுக்கலாம்னு நாம ஒண்ணு எடுத்து இன்டர்நெட்டுல போட்டுட்டா, அவங்களும் துணிஞ்சு வருவாங்க," என்றாள் அக்கா. எடுக்கப் போகிறவர் அவளுடைய கொழுந்தனார். விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். முகத்தைத் தேடித் தேடிப் பிடித்தே பழகிய மனிதர் கையோடு நிற்பாரா?

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. "பேப்பர்லயோ படத்துலயோ உன் மூஞ்சி வந்துச்சு, அன்னியோட வேல நின்னுச்சு" என்று சொல்லித்தான் என் மாமியார் என்னைப் பட்டறைக்கே அனுப்பினார். எனக்கு அந்த வேலை வேண்டும். அதனால் படத்தில் என்னென்ன வர வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே கட்டம் கட்டமாக வரைந்தேன். கட்டத்தில் இல்லாத எதையும் எடுக்கக் கூடாது என்று கண்டிஷனும் போட்டேன்.

முதல் கட்டத்தில் கேமரா மேலேயிருந்து கீழே பார்க்கும். ரப்பர் வாரால் இறுக்கிய பிளாஸ்டர் அச்சு. அதற்குள் களிமண் கூழை ஊற்றுகிறேன். களகளவென்ற சத்தம் அச்சு நிறைய நிறைய அடங்க வேண்டும். அடுத்ததில் அச்சின் வாய் மட்டும், வெகு அருகில். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, கூழின் மட்டம் இறங்கி ஓரம் தடிக்கிறது. இதற்குச் சத்தமே வேண்டாம். பிறகு கவிழ்த்து மிச்சக் கூழை வடிப்பது, சொட்டுச் சொட்டாக. அச்சைப் பிரிக்கையில் வார் 'சட்'டென்று கழலும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தடத்தைக் கத்தி 'சரக் சரக்'கென்று சீவும். ஸ்பாஞ்சைப் பிழிந்து தடவுவது. கடைசிக் கட்டத்தில், சூளையிலிருந்து வந்த பூச்சாடி திரை முழுக்க. கையில் மெல்லத் திருப்பி, விரல் முட்டியால் ஒரு தட்டு. டிங்! 'நல்ல பளபளப்பான சாடி' என்று பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

என் வளையல் சத்தம் மாமியாருக்குத் தெரியுமே என்று அக்காவின் வளையலை வாங்கிப் போட்டுக்கொண்டேன். "ஐயே! திருடனுங்கெல்லாம் உங்கிட்ட பாடம் படிக்கணும்," என்று சிரித்தாள் அக்கா. கொழுந்தனார் காத்தாடியை நிறுத்தச் சொன்னார். இரைச்சல் பதிவாகிவிடுமாம். எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

எடுத்த படத்தைப் பட்டறையில் எல்லோரும் பார்த்தோம். முகம் இல்லை. ஆனாலும் நான் சொல்லாமல் இன்டர்நெட்டில் ஏற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சிடியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். யார் கை என்று சொல்லாமலே மாமியாருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணுக்குத் தப்பினால் யார் கண்ணுக்கும் தப்பும்.

மாமியார் மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டபடி பார்த்தார். கூழ் ஊற்றியபோது உரித்துக்கொண்டே இருந்தார். கத்தி சீவியபோதும் கை நிற்கவில்லை. டிங் கேட்டதும், "நிறுத்து," என்றார். எழுந்து போய் டிவியில் சாடியின் வயிற்றில் விரலை வைத்தார். "இது ஆரு?"

பழுப்புப் பளபளப்பில், கட்டைவிரல் அளவுக்கு, பொட்டும் பல்லுமாக நான்!

அந்த வீடியோக்காரர் வேலைதான் என்று முதலில் பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பளபளப்பு கேட்டு அடிக்கோடு போட்டவள் நான். தினமும் துடைத்து அடுக்குகிற சாடியில் முகம் தெரியும் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்றே, பாவி! இனி பட்டறை அவ்வளவுதான்.

"மாத்தி எடுத்துடறோம் அத்த. எனக்கும் சாடிக்கும் நடுவுல வெள்ள வேட்டியக் கட்டி, ஓட்ட போட்டு, அது வழியா கையையும் கேமராவையும் வுட்டா சாடியில துணி மட்டுந்தான் தெரியும்..."

அவர் காதில் வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இன்னா உனக்கு அப்டி சிரிப்பு? இந்த வூட்டுக்கு வந்து ஒரு நாளும் நீ இப்டி சிரிச்சு நான் பாக்கலியே."

சிடியை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

காலையில், போகாதே என்று எப்போது சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டே புடவை கட்டினேன். சோற்று டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "பஸ்ஸ வுட்டுறாத," என்றார். பையில் சிடி இல்லை. கேட்டேன்.

"அது இங்கியே இருக்கட்டும். நீ வேற எடு."