முப்பத்தஞ்சு சதவீதம் காட்டன்

எம். புதுப்பட்டி ரோட்டில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வெடிமருந்து செலுத்தும் அறைகளுக்குள் யார் என்ன உடுத்திக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பதும் என் பொறுப்பு. அதில் ஓர் அறையில் என் சொந்த அக்காவே வேலை பார்க்கிறாள். அதனால் மற்றவர்களிடம் ஒரு தடவை சொல்வதை அவளிடம் பத்துத் தடவை சொல்லுவேன். அவளும் பத்துத் தடவை கேட்க மாட்டாள்.

பழைய மேல்கோட்டுகள் சுத்தப் பருத்தி. பெண்கள் அதை முதல் தடவையே கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசியதில் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. காயவும் நேரமாகும், கசங்கவும் செய்யும். சலிப்புத் தாங்காமல் முதலாளி புதுக் கோட்டுகள் வாங்கினார். மூட்டை பிரித்த அன்று அக்கா ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றவே இல்லை.

நான் மூட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கழுத்துப் பட்டையில் இருந்த லேபிளைப் பார்த்தேன். பாலியஸ்டர் அறுபத்தைந்து, காட்டன் முப்பத்தைந்து. கோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "காட்டன் இருக்குல்லா?"

"முப்பத்தஞ்சுதான் இருக்கு அண்ணாச்சி."

"முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் சரியாக அதைத்தான் எடுத்திருக்கிறார், வாழ்க்கையில் குறை ஒன்றும் வந்துவிடவில்லை.

பொறுமையாகச் சொன்னேன். நூறு கிராம் துணியை நிறுத்தால் அறுபத்தைந்து கிராம் பாலியஸ்டர். அது உரசினால் மின்சாரம் ஏறிக்கொள்ளும், நம் ஊர் வறண்ட காற்றில் சீக்கிரம் இறங்காது. மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் அந்த வம்பு அதில் குறைவு.

முதலாளி யோசித்தார். "அப்ப அந்தப் பாலியஸ்டரு எங்கன இருக்குன்னு பாத்து வெட்டி எடுத்திருவமா?"

"அது தனியா இல்ல அண்ணாச்சி. ரெண்டையும் கலந்துதான் நூலே நூத்திருக்கான். ஒவ்வொரு இழையிலயும் இருக்கு."

கதவோரம் நின்றிருந்த அக்கா தன் பங்குக்கு ஒரு வழி சொன்னாள். "நாலு தடவ அலசுனா அது போயிராதாக்கும்? சாயம் போகுதுல்ல."

"முதல்ல தேஞ்சு போறது பருத்திதான் அக்கா. நாள்பட நாள்பட பாலியஸ்டர்தான் மிஞ்சும்."

"ஒனக்கு எதச் சொன்னாலும் ஒரு பதில்" என்று அவள் போய்விட்டாள். கோட்டோடுதான் போனாள்.

முதலாளி கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். சரி, ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, கம்பெனிக்குள் தீப்பெட்டி கிடையாது. கேட்டிலேயே செக்யூரிட்டி ஒவ்வொருவர் பையையும் தடவி வாங்கி வைத்துவிடுவார். முதலாளியின் பையையும் தடவுவார், அதில் செக்யூரிட்டிக்குத் தனி சந்தோஷம். ஊருக்கே தீப்பெட்டி அனுப்புகிற வட்டாரத்தில் நானும் முதலாளியும் வேகாத வெயிலில், ஒரு குச்சித் தீக்காக, ரோட்டோர டீக்கடைக்கு நடந்தோம். டீக்கடைக்காரர் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் துணி கொளுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, அவர் தயவில் வேப்பமரத்தடியில் கொளுத்தினோம்.

பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசம் வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். இது கரும்புகை விட்டுச் சுருங்கி, நுனியில் உருகிக் கறுப்பாகக் கட்டிதட்டியது. ஆறட்டும் என்று நான் சொல்வதற்குள் முதலாளி அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். அப்புறம் விரலை டீக்கடைத் தண்ணீர்ப் பானைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இதற்குமேல் கோட்டுகளைத் திருப்பி அனுப்புவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதலாளியின் கவலை வேறு. மறுநாள் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார், சுத்தப் பருத்திக் கோட்டு தைத்து வர ஒரு வாரம் ஆகும், சீசன் நேரத்தில் மருந்து அறையைப் பூட்டினால் லோடு நின்றுபோகும். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டே சிவகாசியில் பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கும் தன் மைத்துனருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் 'நூறு சதவீதம் காட்டன்' என்று லேபிள் வந்து இறங்கிவிட்டது.

அந்தப் பிரஸ்ஸில் காலங்காலமாக அடிப்பது பட்டாசு டப்பாவுக்கான லேபிள். பழக்கதோஷத்தில் ஓரத்தில் பொறி சிந்தும் ஒரு பூச்சட்டிப் படமும், கீழே 'பெரியவர்கள் முன்னிலையில் பயன்படுத்தவும்' என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வந்திருந்தன. துணி பராமரிப்புக் குறிகளை ஏதோ பருத்திச் சட்டையைப் பார்த்து அப்படியே எடுத்திருந்தார்கள். கோட்டோடு வந்த லேபிளில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் இரண்டு புள்ளி, அதாவது மிதமான சூடு. கலப்புத் துணியில் சூடு தாங்காத இழை எதுவோ அதற்குத் தக்கபடிதான் தேய்க்க வேண்டும். புது லேபிளில் மூன்று புள்ளி. பக்கத்தில் தமிழிலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'காட்டன் சூட்டில் இஸ்திரி போடவும்'.

"லேபிள மாத்துனா துணி மாறிருமா அண்ணாச்சி? இந்தக் கோட்டோட ஒருத்தரையும் மருந்து ரூமுக்குள்ள விட மாட்டேன்" என்றேன்.

"அதிகாரி என்ன துணியையா படிக்கப் போறாரு? காலையில பேசிக்கிடலாம், போங்க தம்பி."

ஆய்வுக்கு மடிப்புக் கலையாமல் வரவேண்டும் என்று சொல்லி, லேபிளை ஒட்டிய கோட்டுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். நூறு என்று அச்சில் போட்டிருக்கிறதைக் காட்டி, "நீ என்ன பிரஸ்ஸுக்காரன விட பெரிய ஆளா?" என்றாள். எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தது. விடிந்ததும் கேட்டில் நின்று அத்தனை பேரையும் மறிப்பது, வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

மறிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் வந்த பெண்களின் முதுகில் எல்லாம் இஸ்திரிப்பெட்டி வடிவத்தில் ஒரு தடம். சிலருக்கு வெறும் மினுமினுப்போடு நின்றிருந்தது, சிலருக்குத் துணி விறைத்துப் பழுப்பேறியிருந்தது. ஒருத்திக்கு ஓட்டையே விழுந்து உள்ளே சேலை தெரிந்தது. லேபிளில் சொன்னபடி எல்லோரும் பெட்டியின் திருகை 'காட்டன்' வரைக்கும் திருப்பியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு முதுகில் தடம் இல்லை. அவள் இஸ்திரிப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பழைய பெட்டி, எப்போதும் வைத்த சூட்டைத் தாண்டிப் போகும். அதன் அடியில் கோட்டின் முதுகு உருகி அப்பிக்கொண்டிருந்தது, கைகள் இரண்டும் கீழே தொங்கின. சூடேறுகிற எந்தச் சாமானும் உள்ளே போகக் கூடாது என்று செக்யூரிட்டி மறித்தார். அவள் நகரவில்லை. கடைசியில் முதலாளிதான் கேட்டுக்கு வர வேண்டியதாயிற்று.

"கத்தியால சொரண்டிப் பாத்தேன் அண்ணாச்சி, வரல" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு என்னவோ செய்தது. பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "இரும்புலயே இப்படி ஒட்டுது. உள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, எங்க முதுகுல இருந்து யாரு அண்ணாச்சி சொரண்டுவீக?"

முதலாளி அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, மருந்து அறைகளைப் பூட்டச் சொன்னார்.