நடு சீட்டில் ஒரு மாவு டிரம்

தாட்சாயிணிக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. மிக்ஸி நின்றுபோனால் கவிழ்த்துப் பார்ப்பாள்; நன்றாக ஓடினாலும் எப்படி ஓடுகிறதென்று கவிழ்த்துப் பார்ப்பாள். அவள் கை பட்ட கடிகாரம் ஒன்று வேப்பம்பட்டு வீட்டில் இன்றைக்கும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. புருஷன் கஜபதி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். அவருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. கால் டாக்சி ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும், "வண்டியப் பிரிக்காத, ஓட்டு மட்டும்" என்றுதான் சொன்னார்.

நான்கு வருடம் பழைய வண்டி ஓட்டினாள். போன சித்திரையில் புது வண்டி வந்தது. டிக்கியில் பாதியை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டதால், ஏறுகிறவர்களின் பை, மூட்டை, குடை எல்லாம் பின் சீட்டில்தான் உட்காரும். அதை அவளும் பெரிதாக நினைக்கவில்லை.

வாரம் மூன்று நாள் ஒரு நிலையான சவாரி உண்டு. நெமிலிச்சேரியில் பானுப்பிரியாவையும் அவள் மகள் கவிப்பிரியாவையும் ஏற்றி, அம்பத்தூரில் பேச்சுப் பயிற்சி வகுப்பில் விட வேண்டும். கவிக்குப் பத்து வயது. வயசுக்கு மீறிய உயரம். வாய் திறந்து பேசுவது அபூர்வம், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. கீச்சென்ற சத்தம் மட்டும் அவளுக்கு ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணாடியில் தலையை மோதிக்கொள்வாள். இந்தக் காரணத்தாலேயே பானு மூன்று வண்டி மாற்றியிருந்தாள். தாட்சாயிணி ஹாரனே அடிக்காமல், லாரியும் பஸ்ஸும் முட்டுகிற திருவள்ளூர் நெடுஞ்சாலையில், அதாவது சி.டி.எச். ரோட்டில் ஓட்டுவதைப் பார்த்துத்தான் இங்கே நிலைத்தாள். சி.டி.எச். ரோட்டில் ஹாரன் அடிக்காமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய தவம் என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வண்டியில், திடீரென்று வெள்ளிக்கிழமை மட்டும் மணி அடிக்க ஆரம்பித்தது.

திங்கள், புதன் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை வேகம் இருபதைத் தாண்டியதும் டிங் டிங் என்று ஆரம்பித்துவிடும். முன்னால் திரையில் பின் சீட்டுக்கு மூன்று குட்டி உருவங்கள் உண்டு; அதில் நடு உருவம் சிவப்பாக எரியும். நடுவில் ஆளே இல்லை. பானு ஒரு ஜன்னல் ஓரம், கவி ஒரு ஜன்னல் ஓரம், இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். தாட்சாயிணி வண்டியை ஓரங்கட்டி கவியின் பெல்ட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். மறுபடி கிளம்பினால் மறுபடி மணி. கவி அலறினாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பானு இறங்கும்போது மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் தீர்மானமாகச் சொன்னாள்.

"அக்கா, உங்க மேல தப்பு இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமையும் இப்டியே கத்துச்சுன்னா கிளாஸ நிறுத்திடறேன். இவ படற பாட்ட என்னால பாக்க முடியல."

எட்டு மாதத்தில் கவி பத்துப் பன்னிரண்டு சொல் கற்றிருந்தாள். அவ்வளவும் இந்த மணியோடு போய்விடக் கூடாது என்று தாட்சாயிணி நினைத்தாள்.

மறுநாள் ஆவடியில் எலெக்ட்ரீஷியன் வெங்கட்டிடம் போனாள். வெறும் வண்டியில் மணி அடிக்கவே இல்லை. டாக்டரைக் கண்டதும் ஓடிப்போகும் பல்வலி மாதிரிதான். அவன் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பின் சீட்டைத் தூக்கி, அடியில் வந்த ஒயர்களின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். "இனிமே கம்முனு கெடக்கும்க்கா" என்றான். எப்படி, ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் விட்டாள்.

திங்கட்கிழமை வண்டி சத்தமில்லாமல் போனது. திருமுல்லைவாயல் தாண்டும்போது முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று நின்றது. இவள் பிரேக்கை அழுத்தினாள். பின்னாலிருந்து ஏதோ வந்து முன் சீட்டின் முதுகில் மோதியது. திரும்பினால் கவி. பெல்ட் கழன்று தொங்கியது. ஜன்னல் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பானு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நெற்றியில் லேசான வீக்கம், வேறொன்றும் இல்லை.

முன்பு ஒரே ஒரு தடவை கவி பெல்ட்டின் சிவப்பு பட்டனை அழுத்தியிருந்தாள். மணி அடித்ததும் பயந்து அதன் பக்கமே போகவில்லை. இப்போது அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காவலைத் தன் கையாலேயே எடுத்துவிட்டோம் என்பது தாட்சாயிணிக்குப் புரிந்தது. மறைக்கவும் மனம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கியதை அங்கேயே சொல்லிவிட்டாள். பானு மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள். புதன்கிழமை போன் செய்து வரவேண்டாம் என்றாள்.

அந்தப் புதன்கிழமை தாட்சாயிணி சவாரிக்கே போகவில்லை. வெங்கட்டிடம் பிளக்கை மாட்டச் சொல்லி, சீட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொன்னான்: சீட் துணிக்குக் கீழே மெல்லிய தகடு மாதிரி ஒரு பாய் கீது, வெயிட்டு அழுத்துனா ஆளுன்னு நெனச்சிக்கும். பெல்ட்டு மாட்ற பூட்டுல ஒரு சுவிட்சு கீது. ஆளு இருந்து பூட்டு மாட்டலன்னா லைட்டு எரியும், ஓடி இருபதத் தாண்டுனா மணி அடிக்கும்.

"அது மனுசனா மூட்டையான்னு அதுக்குத் தெரியாதா?"

"வெயிட்டுதான்க்கா தெரியும். மூஞ்சி தெரியாது."

வீட்டுக்கு வந்தவள் கஜபதியையும் விடவில்லை. வண்டியைக் கிளப்பிவைத்து, நடு சீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்: ஒன்றுமில்லை. ஐந்து லிட்டர் கேன்: ஒன்றுமில்லை. பத்து கிலோ அரிசிப் பை: சிவப்பு. அதே பையைக் கீழே கால் வைக்கும் இடத்தில் இறக்கினாள்: சிவப்பு போய்விட்டது. மறுபடி சீட்டில் வைத்து பெல்ட்டைச் சுற்றி மாட்டினாள்: அப்போதும் போய்விட்டது. "அரிசிக்கு பெல்ட்டு போட்ட மொத ஆளு நீதான்" என்றார் கஜபதி. அவள் காதில் அது விழவில்லை. வெள்ளிக்கிழமை நடு சீட்டில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாவு டிரம். இந்த மூன்று வாரமாகத்தான் வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து பானு வானகரத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். அதற்காக அரைத்த இட்லி மாவை ஒரு பெரிய டிரம்மில் கொண்டுவந்து தனக்கும் மகளுக்கும் நடுவில் வைப்பாள். பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். மூன்று வெள்ளிக்கிழமையும் தாட்சாயிணியே கைகொடுத்து ஏற்றி வைத்த டிரம் அது.

வெள்ளிக்கிழமை கூப்பிடாமலே நெமிலிச்சேரி வாசலில் போய் நின்றாள். அவள் மாவு டிரம் கதையைச் சொல்ல, பானு கதவருகிலேயே நின்று கேட்டாள். கடைசியில், "மணி இன்னும் இருக்காக்கா?" என்றாள்.

"கீது. இருக்கணும். ஒருவாட்டி மட்டும் வாம்மா. அடிச்சா நானே எறக்கி உட்டுட்டு போறேன்."

கவி ஏறினாள். தாட்சாயிணி டிரம்மை நடுவில் வைத்து, வண்டியைக் கிளப்பி, திரையைக் காட்டினாள். நடு உருவம் சிவப்பு. பிறகு நடு சீட்டு பெல்ட்டை டிரம்மைச் சுற்றி இழுத்து கவியின் கையில் கொடுத்தாள். கவி டிரம்மைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பூட்டில் செருகினாள். சிவப்பு மறைந்தது. கழற்றினாள், வந்தது. மாட்டினாள், போனது. பதினோரு முறை செய்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, யாரும் அவசரப்படுத்தவில்லை. அன்று வானகரம் வரை மணி அடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டிரம் இல்லை. ஆவடி சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது திரையில் இடது ஓர உருவம் சிவப்பானது. கவி பட்டனை அழுத்தியிருக்கிறாள். பானு மகள் பக்கம் கையை நீட்டினாள். தாட்சாயிணி கண்ணாடியிலேயே பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சிக்னல் விழுந்தது. வண்டி மெதுவாக நகர்ந்தது. வேகம் பத்து, பன்னிரண்டு. கவி முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து, தானே மாட்டிக்கொண்டாள்.

வேகம் இருபதைத் தாண்டியது. வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. பானு வாயில் கை வைத்துக்கொண்டு அழுதாள். தாட்சாயிணிக்கும் ரோடு மங்கலாகத் தெரிந்தது, ஆனாலும் ஹாரன் அடிக்காமலே ஓட்டினாள்.