எல்லாத் தேதியும் சரி

காலண்டருக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் வயிறு எரியத் தொடங்கியது. அதற்கு முன் அப்படி ஒரு பழக்கமே அவளிடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி புதுக் கார் வாங்கினபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டவள் அவள்.

காலண்டர் என்பது கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். அவளுக்குத் தெரிந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எல்லாரும் பயந்தார்கள். அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். வரலாற்றுத் துறையில் இருபத்துமூன்று வருஷம். எந்தப் போர், எந்த உடன்படிக்கை, எந்த ராஜா எப்போது செத்தான், எதைக் கேட்டாலும் வாயில் தயாராக இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் கிழமையும் சேர்த்துச் சொல்வாள்.

முதல் வருஷ வகுப்புக்கான சிலைடுகள் அத்தனையும் அவள் கைப்படச் செய்தவை. திரையின் குறுக்கே ஒரு நீலக் கோடு. கோட்டில் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மேலே தேதி, அடுத்த புள்ளிக்குக் கீழே தேதி, ஒன்றோடொன்று இடிக்காமல். மொத்தம் நூற்றுப்பதினான்கு சிலைடு. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் போன வாழ்க்கையில் லீவு நாட்களெல்லாம் அந்த நீலக் கோட்டுக்குத்தான் போயின. பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். மறந்ததைப் பற்றி அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் குறை ஒன்றும் இல்லை என்று இருந்தாள்.

வினை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. தம்பி மனைவியும் வரலாறு படித்தவள். சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். துறையில் ஓர் இடம் காலியானபோது விண்ணப்பம் போடச் சொன்னதே காலண்டர்தான். வேலை கிடைத்ததும் தன் சிலைடுகளை ஒரு பென்டிரைவில் போட்டு, “இந்தாம்மா, நீ புதுசா எதையும் பண்ணிக் கஷ்டப்படாதே. எல்லாம் இதுல இருக்கு” என்று கொடுத்ததும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று பிறகு நூறு தடவை சொல்லிக்கொண்டாள்.

முதல் வருஷத்தில் இரண்டு பிரிவு. ஒன்று காலண்டருக்கு, மற்றது சின்னவளுக்கு. மூன்றாவது மாதம் காலண்டரின் வகுப்பில் கடைசி இரண்டு வரிசை காலியாக இருந்தது. காய்ச்சல் பரவுகிறது போல என்று நினைத்தாள். அடுத்த வாரம் நான்கு வரிசை காலி. காய்ச்சல்காரர்கள் எல்லாரும் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று வராந்தாவில் போய்ப் பார்த்தால், சின்னவளின் வகுப்பில் ஜன்னல் திட்டில்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

காதில் செல்போனை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது போல வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். திரையில் ஓடியது அவளுடைய சிலைடேதான். ஆனால் நீலக் கோட்டைக் காணோம்! புள்ளிகளைப் பிய்த்தெடுத்துக் கட்டம் கட்டமாக்கி, இடம் மாற்றி, நடுவில் அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள் பாவி.

“ரெண்டு கட்டத்துக்கு நடுவுல ‘அப்புறம்’னு சொன்னா எப்பவும் பொருந்தும். நேத்து நான் குடை வாங்கினேன், அப்புறம் பஸ் லேட்டு. பொருந்துதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள் சின்னவள். பிள்ளைகள் சிரித்தார்கள். “அதுக்கு அம்பு போடலாமா? கூடாது. ‘அதனால’ன்னு சொல்லிப் பாருங்க. சொல்லும்போது கூச்சமா இருந்தா அம்பு கிடையாது. கூச்சமா இல்லேன்னா அடுத்த கேள்வி: முதல் கட்டத்தைத் தூக்கிட்டா ரெண்டாவது நடந்திருக்குமா? நடந்திருக்கும்னா அந்த அம்பு வேஸ்ட். ஒரு கட்டத்துக்குள்ள நாலு அம்பும் வரலாம். ஒரே காரணத்தால நடந்த விஷயம் ரொம்பக் கம்மி.”

ஒரு பெண் எழுந்து, “மேடம், அப்ப தேதி எதுக்கு?” என்று கேட்டாள்.

“அது தெரிஞ்சாத்தான் எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியும். ஆனா ஏன்னு அது சொல்லாது.”

காலண்டருக்குக் காதில் புகை வந்தது. இருபத்துமூன்று வருஷ உழைப்பை நேற்று வந்தவள் ஒரே வாக்கியத்தில் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டாளே! கொடுமை என்னவென்றால், அந்தப் பாடம் காலண்டருக்கே பிடித்திருந்தது. போனைக் காதில் வைத்தபடி மணி அடிக்கும்வரை நின்றுவிட்டாள். அதற்காகச் சின்னவள் மேல் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

துறைத்தலைவர் வந்து அந்த நெருப்பில் நெய்யை ஊற்றினார். அடுத்த வருஷம் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கி, பெரிய அரங்கில் ஒரே ஆள் பாடம் எடுக்கப் போகிறார். மற்றவருக்குப் பரீட்சைத்தாளும் வருகைப்பதிவும். “ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க. நான் பார்த்துட்டு முடிவு பண்றேன்” என்றார். காலண்டர் திங்கட்கிழமை எடுத்தாள். தலைவர் இரண்டு தடவை கொட்டாவியை மென்று விழுங்கியதை மேடையிலிருந்தே பார்த்தாள். சின்னவளுக்குப் புதன்கிழமை.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் சின்னவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பிரெஞ்சுப் புரட்சியைத்தான் எடுக்கப் போகிறாளாம்.

“அக்கா, தேதியெல்லாம் சரியான்னு ஒரு பார்வை பாத்துடுங்க. நீங்க பாத்துட்டா எனக்கு நிம்மதி.”

காலண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முதல் கட்டம்: 1788 ஜூலை 13, ஆலங்கட்டி மழை, பயிர் நாசம். அம்பு. ரொட்டி விலை ஏற்றம். அம்பு. பாதிரிமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று தரப்பும் உட்காரும் மாமன்றத்தைப் பயந்துபோன ராஜா கூட்டுகிறார், 1789 மே 5. அம்பு. 1789 ஜூலை 14, பாரிஸ் மக்கள் சிறைக்கோட்டையைப் பிடிக்கிறார்கள்.

அந்த இரண்டாவது அம்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மே 5 என்பது மாமன்றம் கூடின நாள். கூட்டப் போவதாக ராஜா அறிவித்தது அதற்கு ஒன்பது மாதம் முன்னால். அந்த அறிவிப்புத் தேதி சிலைடில் இல்லை. ஏன் இல்லை என்றால், நீலக் கோட்டில் ஆலங்கட்டி மழைக்குப் பக்கத்தில் இடம் இடித்தது என்று காலண்டரே அதை எடுத்துப் போட்டிருந்தாள். அது இல்லாததால் பஞ்சத்தைக் கண்டு மன்றத்தைக் கூட்டினது போல ஒரு தோற்றம். சின்னவள் அதை நம்பி அம்பை வரைந்துவிட்டாள்.

சொல்ல வாயெடுத்தாள். சமையலறையில் தம்பி ஏதோ பாத்திரத்தை உருட்டினான். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

“எல்லாத் தேதியும் சரிம்மா” என்றாள்.

பொய் இல்லையே! தேதிதானே பார்க்கச் சொன்னாள், அம்பைப் பார்க்கச் சொல்லவில்லையே என்று இரண்டு நாள் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினாள். வழக்கில் ஜெயித்தும் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. தலைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் காலண்டர். சின்னவள் அந்த இரண்டாவது அம்புக்கு வந்து, “விலை ஏறிச்சு, அதனால ராஜா...” என்று தொடங்கியதும் காலண்டர் எழுந்து நின்றாள்.

“ஒரு சந்தேகம். மாமன்றத்தைக் கூட்டுறதா ராஜா அறிவிச்ச தேதி என்னம்மா?”

சின்னவள் விழித்தாள்.

“ஆயிரத்து எழுநூத்து எண்பத்தெட்டு, ஆகஸ்ட் எட்டு. ஆலங்கட்டி மழை ஜூலை பதிமூணு. நடுவுல இருபத்தாறு நாள். ரொட்டி விலை உச்சத்துக்குப் போனது அடுத்த வருஷம். வராத பஞ்சத்தைப் பாத்து ராஜா முன்கூட்டியே பயந்துட்டாரா?”

பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள். சின்னவளின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்தபோது காலண்டரின் நெஞ்சில் இனிப்பாக ஏதோ பரவியது. அந்த இனிப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியும்: ஒரு நிமிஷம்கூட இல்லை.

சின்னவள் திரையிலிருந்த அம்பை அழித்தாள். பிள்ளைகள் பக்கம் திரும்பி, “தப்பு. என் தப்புதான். ஒரு தேதி விட்டுப்போனதும் அம்பு பொய்யாயிடுச்சு பாத்தீங்களா? சரி, பஞ்சம் இல்லேன்னா ராஜா வேற எதுக்காகக் கூட்டினாரு?” என்று கேட்டாள்.

ஒரு பையன், “கஜானா காலி மேடம். அமெரிக்கா போருக்குச் செலவு பண்ணி...” என்றான். இன்னொருத்தி, “புது வரி போடப் பாத்தாங்க, பிரபுக்கள் ஒத்துக்கல” என்றாள். கட்டம் கட்டமாக இரண்டாவது சங்கிலி ஒன்று பலகையில் வளர்ந்தது. கஜானா ஒரு பக்கம், மழையும் ரொட்டியும் இன்னொரு பக்கம். இரண்டும் தனித்தனியாக நடந்து வந்து 1789 கோடையில் ஒரே ஊரில் முட்டிக்கொண்டன. பசித்த ஜனம், கலைய மறுத்த மன்றம். அந்த நேரம் பார்த்து, மக்கள் நம்பியிருந்த அமைச்சரை ராஜா வேலையை விட்டுத் தூக்கினார். சேதி பாரிஸுக்கு வந்த மூன்றாம் நாள் கோட்டை விழுந்தது. “விறகு ரெண்டு இடத்துலேருந்து வந்தது. தீக்குச்சி இதுதான்” என்று சின்னவள் முடித்தபோது பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

காலண்டரும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே.

தலைவர் பூரித்துப் போயிருந்தார். “பிரமாதம்! நீங்க நடுவுல எழுந்து கேட்டது, அவங்க அழிச்சிட்டு மறுபடி கட்டினது... ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தானே பண்ணினீங்க?”

மேடையிலிருந்து இறங்கி வந்த சின்னவள் காலண்டரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமா சார். அக்கா யோசனைதான்.”

“அப்ப அடுத்த வருஷம் நீங்களே எடுங்கம்மா. தேதிக்குத்தான் அக்கா கூட இருக்காங்களே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இருவரும் பஸ் நிறுத்தம்வரை பேசாமல் நடந்தார்கள். வழக்கமாகச் சின்னவளுக்கு வாய் ஓயாது. நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்திருந்தால் அது ஏன் பெயர்ந்தது என்று கேட்பவள்.

நிறுத்தத்தில் நின்றதும் அவள் கேட்டாள். “அக்கா, அந்த அம்பு தப்புன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?”

இன்று காலையில்தான் தோன்றியது, அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் காலண்டர் வாழ்நாளில் ஒரு தேதியையும் மாற்றிச் சொன்னவள் இல்லை.

“ஞாயித்துக்கிழமை” என்றாள். “சாயங்காலம். ஆறு மணி இருக்கும்.”

சின்னவள் தலையை ஆட்டினாள். அடுத்த கேள்விக்காகக் காலண்டர் காத்திருந்தாள். அதற்குப் பதில் ஒரே சொல்தான், பொறாமை. தொண்டைவரை வந்து நின்றது. கேட்டிருந்தால் அந்தப் பஸ் நிறுத்தத்திலேயே, அத்தனை பேர் நடுவில், சொல்லியிருப்பாள்.

பஸ் வந்தது. சின்னவள் ஏறி, ஒரு சீட்டைப் பிடித்து, “உக்காருங்க அக்கா” என்று அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். வீடு வரும்வரை ஏன் என்று கேட்கவில்லை.