வெள்ளிக்கிழமை உப்பில் வெந்த கேக்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர், அன்று பிறந்தநாள் கொண்டாடிய அவர்கள் மகள். பின்னால் யாரும் பேச்சை மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

முதுநகரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பழைய குக்கரில் உப்பைக் கொட்டி அதன்மேல் கேக் செய்துகொடுப்பேன். தின்றுவிட்டு "சூப்பர்க்கா" என்று தட்டைத் திருப்பித் தருவார்கள். மைதா, சர்க்கரை, கேஸ் எல்லாம் என் கைக்காசு. இனிமேல் யாருக்குச் செய்தாலும் காசு என்று ஒருநாள் முடிவெடுத்தேன். மகள் பிறந்தநாளுக்குக் கேக் கேட்டு முதலில் வந்து மாட்டியது சிதம்பரத்து அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா.

"சொந்தத்துக்குள்ள காசா? எட்டாவதோட நின்னவ, ஓவன்கூட இல்ல, உனக்கு பேக்கரி ரேட்டு கேக்குதா?" என்றார் போனில்.

போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் "ஆமா அண்ணி, ஐநூறு" என்றேன்.

"சரி, என் வீட்டுல வந்து என் கண்ணு முன்னாடி செய். பொங்கி வந்தா ஐநூறு. வரலைன்னா இனிமே காசுன்னு வாயத் தொறக்கக் கூடாது."

பஸ்ஸில் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உப்புப் பொட்டலம் கிழிந்துவிடுமோ, அவர்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிடுமோ, பாதி வேக்காட்டில் யாராவது மூடியைத் திறந்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் பயம். நினைக்காமல் விட்ட பயம் ஒன்றுதான். அதுதான் நடந்தது.

சாயங்காலம் அண்ணி விளக்கேற்றிய பிறகு அடுப்பைப் பற்ற வைத்தேன். குக்கரில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு, அதன்மேல் ஒரு வளையம். மூடியில் ரப்பரும் இல்லை, வெயிட்டும் இல்லை. உள்ளே தண்ணீர் இல்லாதபோது அவை இருக்கக் கூடாது. உப்பு சூடேறட்டும் என்று விட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து தயிரும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, அந்த வீட்டில் முட்டை நுழையாது.

சமையலறையில் பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். ஓடிப்போனால் குக்கரிலிருந்து ஆவி கிளம்புகிறது. அண்ணி கையில் காலிச் சொம்பு.

"தண்ணி இல்லாம வச்சிட்டுப் போயிட்டியே, வெடிச்சித் தொலைஞ்சிருக்கும்!"

பயந்துதான் ஊற்றினார், வேண்டுமென்று அல்ல. ஆனால் உப்பு கூழாகிவிட்டது. ஈர உப்பில் வைத்தால் கேக் வேகாது, இட்லி மாதிரி அவிந்துவிடும். நல்லவேளையாக மைதாவையும் சோடாவையும் இன்னும் கலக்கவில்லை. சோடா தயிரில் பட்டுவிட்டால் மாவு காத்திருக்காது. உப்பு காயாமல் கலக்கவே மாட்டேன். அது என் பயந்த புத்தி.

"தோ பாரு, நடக்கலல்ல? மாமாவ பேக்கரிக்கு அனுப்பறேன்" என்றார் அண்ணி, மகளைப் பார்த்து.

அவர்களுடைய அடிகனமான பிரியாணிக் குண்டான் மேலே இருந்தது. அதை இறக்கினேன். கல்லுப்பு ஜாடியை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வச்சப்புறம் உப்ப யாருக்கும் குடுக்கக் கூடாது, தெரியாதா உனக்கு?"

"எங்கிட்ட எங்க குடுக்கறீங்க? உங்க குண்டான்ல, உங்க அடுப்புலதான இருக்கப்போவுது. வாசப்படி தாண்டாது அண்ணி." சொல்லிக்கொண்டே ஜாடியைக் கவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணியின் கணவர் சிரித்தார். "மச்சான், உன் பொண்டாட்டி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்யா."

உப்பு நன்றாகக் காய்ந்த பிறகு மாவைக் கலந்து, எண்ணெய் தடவி மைதா தூவிய டின்னில் ஊற்றி, குண்டானின் ஓரம் படாமல் வளையத்தில் இறக்கினேன். மூடியின்மேல் அம்மிக் குழவி. தீயைச் சிம்மில் வைத்துவிட்டு, யாரும் கிட்டே வரக் கூடாது என்று அடுப்புக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அண்ணி இரண்டு முறை வந்து பார்த்தார். "தொறக்கக் கூடாது" என்றேன். அவர் வீட்டில் அவரையே.

வாசனை தெருவரைக்கும் போனது. முக்கால் மணி நேரம் கழித்து ஈர்க்குச்சியால் குத்தினேன். மாவு ஒட்டாமல் வந்தது. நடுவில் கொஞ்சம் வெடித்திருந்தது, அடி தீயவில்லை. டின்னின் விளிம்புக்குமேல் பொங்கியிருந்தது.

அண்ணி ஒரு துண்டைத் தின்றார். இரண்டாவது துண்டை அவரே வெட்டி எடுத்தார். நாங்கள் கிளம்பும்போது இருநூறு ரூபாயை என் கையில் வைத்து, "உப்புக்குக் கழிச்சிக்கட்டுமா?" என்றார்.

"உப்பு ஆறினதும் தனி டப்பால போட்டு வைங்க. சமையலுக்கு ஆகாது, அடுத்த கேக்குக்கு ஆகும். மீதியக் குடுங்க."

"அடுத்த மாசம் தரேன், ஓடியா போயிடுவேன்?"

மாதங்கள் போய்விட்டன. கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயம்தான். இருந்தும் போன் வரும்போதெல்லாம் கேட்கிறேன். இன்னும் முந்நூறு ரூபாய் பாக்கி.