தியேட்டர் வாசலில் சொன்ன சொல்

அம்மாவைப் படுக்க வைத்திருந்த ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தாண்டும்போது நான் கையை உயர்த்தி, "பை மா" என்றேன்.

சொன்ன மறு நொடியே கையைக் கீழே இழுத்துக்கொண்டேன். கதவுகள் இரண்டும் ஆடி நின்றன. அம்மாவின் காதில் அது விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அத்தையின் காதில் விழுந்துவிட்டது.

"ஏலே, அந்த வாசல்ல நின்னு என்னா சொன்ன?"

நான் கதவையே பார்த்தேன்.

"போய்ட்டு வாம்மான்னு ஒரு வார்த்த வரல உனக்கு. பதினஞ்சு வருசம் படிச்சு இதத்தான் கத்துக்கிட்டியா?"

அதற்குப் பிறகு அத்தை சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அம்மாவின் கழுத்தில் இரண்டு வருடமாக ஒரு கட்டி. கொடைக்கானலில் பார்த்த டாக்டர், தைராய்டுக் கட்டி, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் பெரிய டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். குரலுக்கான நரம்பு கட்டியை ஒட்டித்தான் ஓடுகிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் நூற்றில் சிலருக்குக் குரல் மாறிப்போகும் என்றார். அதற்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துக் கையெழுத்துப் போடக்கூடியவன் நான் ஒருவன்தான்.

எனக்கு வேலை கொடைக்கானலில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில். காலை பத்தரையிலிருந்து அறை காலி செய்பவர்களின் கார் கதவு ஒவ்வொன்றாக அடைபடும். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பை, ஒரு கையசைப்பு. மூன்று வருடமாக இதுதான். கதவு மூடுவதைப் பார்த்தால் வாய் தானாக அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறது. தியேட்டர் கதவுக்கும் அதுவே வந்துவிட்டது.

அத்தை சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியவில்லை. அப்பா தாண்டிக்குடி மலைப்பாதையில் ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஏறுகிற யாரும் "போறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சந்தைக்குப் போகிறவர்கூட "வர்றேன்" என்றுதான் சொல்வார். நிற்பவர் "போய்ட்டு வாங்க" என்பார். போகிறவர் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கிறார். இருப்பவர் அது பலிக்கட்டும் என்கிறார். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பயணம் கிளம்பும். வெறும் "போறேன்" என்பதைச் சண்டை போட்டுவிட்டு வெளியேறுகிறவர் மட்டும்தான் சொல்வார். நான் சொன்னதில் திரும்பி வருவதே இல்லை.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்தோம். வேறு யாருடைய பேரோ கூப்பிடப்பட்டது.

பி.ஏ. ஆங்கிலத்தில் மொழியின் வரலாறு என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்த ஒன்றை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி தோண்டினேன். குட்பை என்பது முதலில் ஒரு முழு வாக்கியம்: காட் பி வித் யீ. கடவுள் உங்களோடு இருப்பாராக. பிரிகிறவர்கள் தினம் சொல்லிச் சொல்லி, நானூறு வருடங்களுக்கு முன்பே அதை ஒரே மூச்சில் விழுங்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்காலக் கடிதங்களில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். பிறகு குட் மார்னிங், குட் டே என்று ஏற்கனவே இருந்த வாழ்த்துகளின் சாயல் ஏறி, காட் இருந்த இடத்தில் குட் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் பிறகு முன்பாதியே உதிர்ந்து, மிச்சம் நின்றது பை.

பரீட்சைக்குப் படித்தபோது அதில் தோன்றாத ஒன்று இப்போது தோன்றியது. கடவுள் போய்விட்டார். மிச்சமிருக்கும் அந்தத் துண்டு எதனுடையது? "உங்களோடு இருப்பாராக" என்பதனுடையது. இருக்க வேண்டியவர் யார் என்பது தேய்ந்துவிட்டது. கூட இருக்கட்டும் என்ற வேண்டுதல் மட்டும், அடையாளம் தெரியாத அளவுக்கு நசுங்கி, அதற்குள் கிடக்கிறது. அப்படியானால் நான் அம்மாவிடம் சொன்னது சாபம் இல்லை. ஆனால் ஒன்று. அதைச் சொன்ன நேரத்தில் எனக்கு அது தெரியாதே. நினைக்காமல் சொன்ன வாழ்த்து சேருமா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்களுக்கு எதிரே ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி. அவருடைய மருமகன் வந்ததும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். அவரும் பதிலுக்கு முழுதாகச் சொன்னார். ஒரு எழுத்தும் தேயவில்லை. ஆனால் அவர் கண் முழுக்கக் கதவு மேலேயே இருந்தது. வாய் பாட்டுக்குச் சொன்னது. நினைத்துச் சொல்ல அவருக்கும் முடியவில்லை. அதைப் பார்த்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நினைக்க முடியாத நேரத்துக்கென்றுதான் இந்தச் சொற்களை யாரோ முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்களோ என்னவோ.

பதினொன்றே காலுக்கு அம்மாவின் பேரைக் கூப்பிட்டார்கள். கட்டியை எடுத்தாயிற்று, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார் டாக்டர். குரல்? பார்ப்போம் என்றார். இரண்டு நாளைக்கு அதிகம் பேச விட வேண்டாம்.

மறுநாள் மத்தியானம் அம்மா கஞ்சி குடித்த பிறகு அத்தை பொறுக்க முடியாமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். "உம் மகன் உன்னைய பை சொல்லியில்ல அனுப்பிவிட்டான்" என்று. அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது காற்றும் கரகரப்புமாகத்தான் வந்தது.

"கேட்டுச்சு."

கொஞ்சம் எச்சில் விழுங்கினாள்.

"எம் பிள்ளைக... எல்லாம் அதான் சொல்லும். லீவு முடிஞ்சா... வந்துருமில்ல."

அம்மா கொடைக்கானலில் ஒரு போர்டிங் பள்ளியில் ஆயா. பிள்ளைகள் என்று அவள் சொன்னது அந்தப் பிள்ளைகளை. லீவுக்குப் பஸ் கிளம்பும்போது ஜன்னல் ஜன்னலாக, பை ஆயாம்மா என்று கத்துவார்கள். லீவு முடிந்தால் அதே பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அந்தச் சொல் தவறியதில்லை. நான் பேப்பரில் படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அத்தை உம்மென்று தம்ளரைக் கழுவப் போனாள்.

நான்காம் நாள் டிஸ்சார்ஜ். பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும், மகன் மட்டும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வாரம் எப்படிக் கழியும் என்ற கவலை அப்போதே என்னைத் தொற்றிக்கொண்டது. அப்பா கேட்டில் ஜீப்போடு நின்றார். வார்டு நர்ஸ் வாசல் வரை வந்தார். நான்கு நாளும் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டவர். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காலங்காலமான பழக்கத்தில், "போய்ட்டு வர்..." என்று ஆரம்பித்தாள்.

அத்தை பாய்ந்து அவள் தோளை அழுத்தினாள். "ஆசுபத்திரியில வந்து அதச் சொல்லுவியா? வாய மூடு."

நர்ஸ் சிரித்துவிட்டார். "நாங்களும் யாரையும் வாங்கன்னு சொல்ல மாட்டோம்மா. நல்லா இருங்க."

அம்மா நின்றாள். சொல்லாமல் இறங்கிப் போக அவளுக்கு மனமில்லை. அது துக்க வீட்டில் செய்வது. வரேன் என்றும் சொல்லக்கூடாது, போறேன் என்றும் சொல்லக்கூடாது. கட்டுப் போட்ட கழுத்தோடு மெதுவாக முழு உடம்பையும் திருப்பி அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அசைப்பதுபோலவே விரல்களை அசைத்து, அந்த உடைந்த குரலில் நர்ஸிடம் சொன்னாள்:

"பை."

அத்தை ஜீப்பின் முன் கதவைத் திறந்துவிட்டாள்.