ஏழாம் எண் அட்டையைத் திருப்பிய நாள்

உளவியல் ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் கொல்லிமலை ஏறியபோது என் பையில் நான்கு அட்டைகள் இருந்தன: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. அது சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? இதைத்தான் ஊர் ஊராகப் போய்க் கேட்டேன்.

திண்ணனூர் நாடு என்ற மலை ஊர்த் தொகுதியில் ஒரு பள்ளியின் கணக்கு வாத்தியார்தான் எனக்குச் சோதனைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார். முதல் நாள் அவரையே சோதித்தேன். அ-வையும் நாலையும் தொட்டார். “அ சரி, நாலு தப்பு” என்று சிரித்துவிட்டேன். பாவம், மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“ஏனுங்க மேடம், நாலுல என்னங்க தப்பு?”

“நாலுக்குப் பின்னாடி க இருந்தா விதி உடைஞ்சிடுமா சார்? இரட்டைப்படைன்னா உயிரெழுத்துதான் இருக்கணும்னு யாரும் சொல்லலையே.”

கொஞ்ச நேரம் அட்டைகளையே பார்த்தார். “அப்ப ஏழத்தான் பாக்கோணும். அதுக்குப் பின்னாடி அ இருந்தா கதை கந்தலுங்க. அ-வும் ஏழும்.”

அதேதான். விதியில் காதில் விழுந்ததையே கை தேடுகிறது. விதியை உடைக்கக்கூடிய அட்டைப் பக்கம் நாம் போவதே இல்லை. நான் மாதக்கணக்கில் படித்ததை அவர் அரை மணியில் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

இன்னொரு விதியை அவரே செய்து கொடுத்தார்: கோயிலுக்குள் இருப்பவர் வெறுங்காலோடு இருக்க வேண்டும். நான்கு அட்டைகள், நான்கு ஆட்கள்: உள்ளே, வெளியே, வெறுங்கால், செருப்புக்கால். மரவள்ளிக்காட்டிலிருந்து மண் கையோடு வந்தவர்கள், எழுத்து அட்டையில் தடுமாறியவர்கள்தான், இதில் ‘உள்ளே’யையும் ‘செருப்புக்கால்’ அட்டையையும் சட்டென்று தொட்டார்கள். “தப்புப் பண்றவனப் புடிக்கோணும்னா எல்லாருக்கும் புத்தி வந்துருதுங்க” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வாரமும் மலையேறினேன். சொல்ல என்ன வெட்கம்?

ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்கால பஸ்ஸுக்கு அவர் கூடவே வருவார். என் பையைத் தூக்கிக்கொள்வார். கையில் ஒரு பொட்டலம் மிளகு கொடுப்பார். பஸ் வளைவில் திரும்பும்வரை கையைத் தூக்கியபடி நிற்பார். நானும் மனதுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இவர் ஒருவரை பஸ் ஏற்றிவிட வந்தால், அவர்மேல் இவருக்கு ஆசை. வாராவாரம் மிளகை முகர்ந்து பார்த்து விதியை உறுதி செய்துகொண்டேன். எதற்காக வருகிறீர்கள் என்று ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை.

ஒருநாள் நான் மலைமேல் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அதே நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளியைச் சோதிக்க வந்த அதிகாரி. மூன்று நாளாக உயிரை எடுக்கிறார் என்று போனில் என்னிடம் திட்டித் தீர்த்தாரே, அதே ஆள். அதிகாரியின் பை இவர் தோளில் இருந்தது. மிளகுப் பொட்டலம் கைமாறியது. பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை இவர் கை இறங்கவில்லை. ஆகாத ஆளையும் அப்படித்தான் வழியனுப்புகிறார். நான் திருப்பாமல் விட்ட ஏழு அது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது.

அத்தோடு நான் போகவில்லை. மீதி ஆட்களைச் சோதிக்க வேறொருவரை அனுப்பினேன். வாத்தியார் இரண்டு முறை போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. எனக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே!

ஆறு வருடம் கழித்து, அந்தக் கோயில் விதியைக் கட்டுரையில் போட அவருடைய அனுமதி கேட்டு போன் செய்தேன். உடனே சம்மதித்தார். பேச்சு வாக்கில், ஏதோ பழைய வேடிக்கைபோல, என் பஸ் விதியையும் அதிகாரி வந்து அதை உடைத்ததையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இல்லீங்க மேடம். உங்க விதி தப்புன்னுதான் ஆச்சு. பஸ் ஏத்தி விடறத வச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாது, அவ்ளோதானுங்க. எங்கூர்ல யாரு வந்தாலும் அப்படித்தான் அனுப்புவோம். உங்க மேல ஆசை இல்லைன்னு அந்த அட்டையில எங்கீங்க எழுதியிருந்துச்சு?”

ஐயோ! வருடாவருடம் என் மாணவர்களுக்கு வகுப்பில் இதைத்தானே கரைத்துப் புகட்டுகிறேன்.

“அப்ப ஆசை இருந்துச்சா சார்?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ‘அப்பா’ என்று கூப்பிட்டது.

“இதக் கேக்கறதுக்கு ஆறு வருசம் ஆச்சுங்களா கண்ணு?” என்றார்.

அவர் என்னை மேடம் என்று சொல்லாமல் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.