நீயும் பாரேன்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பேர் "வாசகம்". பணப்பை ஆப் நடத்தும் கம்பெனி அது. ஆப்பைத் திறந்ததும் வரும் வணக்கமும், பின் நம்பர் தப்பாகிப்போனால் வரும் ஆறுதலும், அனுப்பிய பணம் நடுவழியில் நின்றால் வரும் சமாதானமும் அவள் எழுதியவைதான். அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் போன் எடுத்தவள். பணத்தைப் பறிகொடுத்தவர்களின் குரலை நாள் முழுக்கக் கேட்டு, வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கும் ஆளாகிவிட்டாள். அந்தப் பயந்த சுபாவம் எழுத்துக்கு நல்லதாகவே இருந்தது. எதிராளி எங்கே தடுமாறுவான் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

அவளுடைய மேலாளரைப் பின்னால் எல்லோரும் "சதவீதம்" என்பார்கள். காலை வணக்கத்தைக்கூட எண்ணில் சொல்லும் மனுஷன். ஒருநாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நண்பரைச் சேர்த்துவிடும் சலுகையை யாரும் சீண்டுவதில்லை என்று குறைப்பட்டார். சேருகிறவருக்கு நூறு, சேர்த்துவிட்டவருக்கு நூறு. அப்படியும் நூறு பேர் பார்த்தால் இரண்டு பேர்தான் அனுப்புகிறார்கள்.

ஏன் என்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்தது. "பரிந்துரைத்து வெகுமதி பெறுங்கள்" என்று இருந்தது பொத்தானில். சொந்தக்காரனை விற்றுக் காசு பார்ப்பது போல இருந்தால் யாருக்குத்தான் கூசாது? அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். எந்தக் கடையில் நூல் நல்லது என்று யாராவது கேட்டால் அவள் பெருமையடிக்க மாட்டாள். தான் எங்கே வாங்குகிறாள் என்று சொல்லி, நீயும் பாரேன் என்பாள், அவ்வளவுதான். அந்தப் பேச்சையே வாசகம் எழுத்தில் பிடித்தாள். பொத்தானை அழுத்தினால் நண்பருக்குப் போகும் செய்தி தானாக இப்படி வந்து நிற்கும்:

"நான் இதுலதான் சேத்து வைக்கிறேன். நல்லாருக்கு, நீயும் பாரேன். சேர்ந்தா உனக்கும் நூறு, எனக்கும் நூறு." அதன் கீழே ஒரு இணைப்பு.

பொத்தானின் இடத்தையும் மாற்றச் சொன்னாள். ஒருவர் தன் சேமிப்பு இலக்கை எட்டி மனம் நிறைந்திருக்கும் நேரத்தில் மட்டும் அது கண்ணில் பட வேண்டும். இரண்டு என்பது பதினொன்றானது. சதவீதம் வந்து அவள் மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். புகார்ப் பிரிவிலிருந்து ஒரு படம் வந்தது. யாரோ ஒருவரின் போனில் வந்த செய்தி. "நான் இதுலதான் சேத்து வைக்கிறேன். நல்லாருக்கு, நீயும் பாரேன்." எழுத்துக்கு எழுத்து அவளுடையது. இணைப்பில் மட்டும் ஒரே ஒரு எழுத்து வேறு. அதைத் தொட்டால் அவர்களுடைய ஆப் போலவே ஒரு பக்கம் திறக்கிறது, போன் நம்பர் கேட்கிறது. அடுத்த நிமிடம் போனில் ஒரு கோரிக்கை வந்து நிற்கிறது. பரிசை வாங்கிக்கொள்ள "சம்மதம்" தொட்டுப் பின் நம்பரைப் போடு என்கிறது. போட்டால் பணம் வருவதில்லை, போகிறது. வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று காலை பஸ்ஸில் வரும்போது அக்கா போன் பண்ணி, "உன் கம்பெனி நூறு ரூபா எனக்கும் வரப்போகுதுடி" என்று சிரித்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு இவள் அந்தச் சலுகையை அனுப்பவே இல்லை.

போன் போட்டாள். லைன் பிஸி. மறுபடி போட்டாள், மறுபடியும் பிஸி. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். அக்கா கடையை இடித்துப் பெரிதாக்கச் சேர்த்திருந்த பணம் முழுக்க அந்தப் போனோடு இணைந்த கணக்கில்தான் இருக்கிறது.

கடையில் அக்கா காலரை வெட்டிக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்த நூறு ரூபா மெசேஜ்ல எங்கயாவது பின் நம்பர் போட்டியா?"

"இல்லடி. நெட் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சாயந்திரம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

வாசகம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. அது முழுசாய் வெளியேறும் முன்பே அக்கா தயங்கித் தயங்கி மிச்சத்தைச் சொன்னாள்.

"ஆனா நம்ம கஸ்டமர் பதினோரு பேருக்கு அனுப்பிட்டேன். அதான் காலைல இருந்து மூணு நாலு பேர் மாத்தி மாத்திப் போன் பண்ணிட்டே இருக்காங்க. படிக்கிறப்போ நீ பேசுற மாதிரியே இருந்துச்சு. அதான் யோசிக்கவே இல்ல."

அதன் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டார்கள். அளவு நோட்டில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ஆறு பேர் செய்தியைத் திறக்கவே இல்லை. நான்கு பேர் பக்கத்தைத் திறந்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். பதினோராவது ஆள் போனை எடுக்கவில்லை. அவர் காஜா அம்மா. அக்காவுக்குப் பட்டன் துளை தைத்துக் கொடுப்பவர், தெருக்கோடியில் தனியாக இருப்பவர்.

ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். காஜா அம்மா வாசலிலேயே, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேயறைந்த முகம். சம்மதம் தொட்டு அரை மணி நேரமாகியிருந்தது. கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் போயிருந்தது.

ஏழு வருஷம் போனின் மறுமுனையில் இருந்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். வங்கியின் அவசர எண்ணைப் பிடித்தாள். பரிவர்த்தனை எண்ணைப் படித்துச் சொல்லி, போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்கக் கேட்டாள். பாதிப் பணம் அந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொண்டது. மீதி அதற்குள் வேறெங்கோ பறந்திருந்தது.

புகாரைப் பதிந்து முடித்ததும் அவள் தரையில் உட்கார்ந்தாள். சொல்லாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அம்மா, அந்த மெசேஜை முதல்ல எழுதினது நான்தான். திருடன் அதை அப்படியே எடுத்துக்கிட்டான்."

காஜா அம்மா போனை வாங்கி அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார். "அதான் பயமா இருக்கு."

மறுநாள் காலை வாசகம் சதவீதத்தின் எதிரே போய் நின்றாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இணைப்பை எடுத்துவிட வேண்டும் என்றாள். நாம் அனுப்புவதில் இணைப்பே இல்லையென்றால், இணைப்போடு வருகிறதெல்லாம் பொய் என்று ஊருக்குச் சொல்லலாம். எழுதி வந்த புது வாசகத்தை மேசையில் வைத்தாள்:

"நான் இந்த ஆப்ல சேத்து வைக்கிறேன். பிடிச்சா நீயே ஆப் ஸ்டோர்ல தேடி எடுத்துக்கோ. சேரும்போது கீழ இருக்கிற என் குறியீட்டைப் போடு. உன் அடையாளத்தைச் சரிபார்த்து, முதல் தடவை பணம் போட்டதும் ரெண்டு பேருக்கும் நூறு வரும். அதை வாங்கப் பின் நம்பர் வேண்டாம். சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணு."

அவர் படித்தார். இது ரொம்ப நீளம், பதினொன்று நாலாகிவிடும் என்றார். இருக்கலாம் என்றாள். ஆறு வாரம் பார்ப்போம், எண் கீழே போனால் பழையதைப் போட்டுவிடுவேன் என்று முடித்தார்.

அந்த ஆறு வாரமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. எண் ஐந்துக்கு இறங்கியது. ஆனால் போலிச் செய்தி பற்றிய புகார்கள் பாதிக்குக் கீழே வந்தன. குறியீடு போட்டுச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுமாதமும் பணம் போட்டிருந்தார்கள். சதவீதம் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று ஒரே சொல்லில் விட்டார்.

காஜா அம்மாவுக்கு மாட்டிக்கொண்ட பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதியை அக்காவும் தங்கையும் போட்டார்கள்; ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னொன்று அடுத்த வருஷம். போனில் இப்போது அவர் எதையும் தொடுவதில்லை. மணி அடித்தால் மட்டும் எடுக்கிறார்.

வாசகம் இன்றும் அதே மேசையில்தான் எழுதுகிறாள். ஒரு வரி நன்றாக அமைந்துவிட்டால் முன்பெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். இப்போது அதை எதிர்சாரி மேசைப் பெண்ணிடம் காட்டி, நீ திருடனா இருந்தா இதை வச்சு என்ன பண்ணுவே என்று கேட்கிறாள்.